‘பழகிடும்’ எண்டு சொல்லாதேங்கோ

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு வாற ஒரு தோழி போன வருசம் தொடர்ந்து மூன்று கிழமை பிந்தி வந்தாள். நெல்லியடிப் பக்கம் வீடு. யாழ்ப்பாணம் ரவுணில ஒரு கணக்கியல் வகுப்புக்கு நாளாந்தம் வந்துபோறவள். ஏன் பிந்துது எண்டு கேட்டால் “பஸ் இல்லை” எண்டாள். நெல்லியடியில பஸ் இல்லை எண்டு சொன்னால் ஆர் நம்புறது? கடைசியில அவளே சொன்னாள்: பஸ்ஸில ஏறுறாளாம், வல்லை வெளி தாண்டி, ஆவரங்கால், புத்தூர் எல்லாம் தாண்டி நீர்வேலி வரும்போது நெஞ்சு அடிக்கத் தொடங்குதாம், கை வேர்க்குதாம், மூச்சு மேலாலதான் போகுதாம். பெல்லை அடிச்சு இறங்கி, ஒரு கடை வாசலில அரைமணித்தியாலம் நிண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வாறாளாம்.

எங்களில ரெண்டு பேர் சிரிச்சவை. அதை இஞ்ச ஒளிக்காமல் எழுதுறம்.

வீட்டில அம்மா “விடிய சாப்பிடாமல் போறதுதான்” எண்டு முடிவெடுத்தா. அம்மம்மா கோயிலில நூல் கட்டுவிச்சா. டொக்டரிட்ட கொண்டுபோய் ஈசீஜி எடுத்து, இரத்தம் சோதிச்சு, தைரொயிட்டும் பார்த்தாச்சு. எல்லாம் சரி. “கன யோசிக்காதேங்கோ பிள்ளை” எண்டு சொல்லி அனுப்பிச்சினம். அவள் யோசிக்கிறதே இல்லை, அதுதான் பிரச்சினையே. அந்த பஸ்ஸுக்குள்ள ஒண்டையும் யோசிக்க ஏலாது.

பிறகு ஒருநாள் நாங்கள் ரெண்டு பேர் அவளோட சேர்ந்து அதே பஸ்ஸில வந்தம். ஆறு ஐம்பது பஸ். பின்பக்கம், கடைசி சீட்டுக்கு மேல ரெண்டு ஸ்பீக்கர், சீட்டுக்குக் கீழ ஒரு பேஸ் பெட்டி. பாட்டு ஒரு பக்கம். அதுக்கு மேல கொண்டக்டர் கதவில தட்டுற தட்டு, பெல், “பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ”. முன்னால போற பஸ்ஸை முந்துறதுக்கு எயார் ஹோர்ன். எதிரால வாறவனும் பதிலுக்கு ஹோர்ன். நாங்கள் மூவரும் பக்கத்துப் பக்கத்தில நிண்டு கத்திக் கத்திக் கதைச்சும் ஒருத்தருக்கு ஒருத்தர் விளங்கேல்லை. கோப்பாயில இறங்கி நிண்டபோதுதான் எங்களுக்கும் தோள்மூட்டு இறுகிப்போய் இருக்கிறது தெரிஞ்சது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல நாங்கள் தோளைத் தூக்கிக்கொண்டே நிண்டிருக்கிறம்.

இதைச் சொன்னால் எல்லாரும் சொல்லுற ஒரே சொல்: “பழகிடும்.”

அந்தச் சொல்லோடதான் எங்களுக்குச் சண்டை.

பழகிறது எண்டால் என்ன? காதுக்கு மேல ஒரு சத்தம் திடீரெண்டு விழுந்தால் உடம்பு எங்களைக் கேட்காமலே ஒரு வேலை செய்யுது. ஒரு விநாடியில சிறு பங்கு நேரத்துக்குள்ள கண் சிமிட்டுது, கழுத்துத் தசை இறுகுது, இதயம் கூட அடிக்கத் தொடங்குது. இது மூளையின் அடிப்பகுதியில நடக்கிற திடுக்கிடல். அது நடந்து முடிஞ்ச பிறகுதான் “ஓ, இது ஹோர்ன்” எண்டு எங்களுக்கு விளங்கும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் திடுக்கிடல் குறையும், உண்மைதான். வேர்வை குறையும், துள்ளுறது குறையும். அதைப் பார்த்துத்தான் சனம் ‘பழகிட்டுது’ எண்டு சொல்லுது. அந்தப் பழக்கத்துக்கு உள்ளுக்குள்ள என்ன விலை குடுக்கிறம் எண்டதை ஒருத்தரும் கணக்குப் பார்க்கிறதில்லை.

அதைக் கணக்குப் பார்த்தவை இருக்கினம். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நகரச் சத்தத்தைப் பற்றித் தொடர்ச்சியா சோதனைகள் செய்து 1972 இல ‘அர்பன் ஸ்ட்ரெஸ்’ எண்ட புத்தகத்தை வெளியிட்டினம். அவையள் தயாரிச்ச சத்தத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ரெண்டு பேர் ஸ்பானிய மொழியில கதைக்கினம், ஒருத்தர் ஆர்மேனிய மொழியில, அதோட ஒரு படி எடுக்கிற இயந்திரம், ஒரு கணக்கு மெஷின், ஒரு தட்டச்சு மெஷின். எல்லாத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் பதிஞ்சு 108 டெசிபலில போட்டினம். எங்கட பஸ் ஸ்ராண்டை அவையள் பார்த்திருந்தால் இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை.

அந்தச் சத்தத்துக்குள்ள இருந்துகொண்டு ஆக்கள் சின்னச் சின்ன வேலைகள் செய்யவேணும். முதல் கொஞ்ச நேரம் தடுமாறினவை பிறகு சரியாகிட்டினம். தோலின் வேர்வையை அளந்து பார்த்தால் உடம்பும் அடங்கிட்டுது. வேலையும் நல்லாத்தான் செய்திச்சினம். அதாவது, பழகிட்டுது! சோதனை அங்கயே முடிஞ்சிருந்தால் எங்கட அம்மம்மா சொன்னதுதான் சரி.

ஆனால் சத்தத்தை நிப்பாட்டின பிறகு, அமைதியான நேரத்தில, இன்னொரு வேலை குடுத்தினம். பென்சிலை எடுக்காமல், ஒரே கோட்டுக்கு மேல ரெண்டு தரம் போகாமல் ஒரு உருவத்தைக் கீறவேணும். அந்த உருவங்களில சிலதைக் கீறவே ஏலாது. ஒருத்தர் எத்தனை தரம் முயற்சி செய்துபோட்டு விடுறார் எண்டதைத்தான் அவையள் எண்ணிச்சினம். ஒழுங்கான இடைவெளியில சத்தம் கேட்டவை கன தரம் முயற்சி செய்தவை. எப்ப வரும் எண்டு தெரியாமல் சத்தம் கேட்டவை கெதியா விட்டிட்டினம். எழுத்துப் பிழை பார்க்கிற வேலையிலயும் அவையள்தான் கூடப் பிழை விட்டவை. ரெண்டு கூட்டமும் கேட்டது ஒரே அளவு சத்தம். வித்தியாசம் என்னெண்டால் ஒரு கூட்டத்துக்கு அடுத்தது எப்ப எண்டு தெரியும், மற்றதுக்குத் தெரியாது.

இன்னொரு கூட்டத்துக்குக் கதிரையில ஒரு பொத்தான் வைச்சினம். “தாங்க ஏலாட்டி இதை அமத்துங்கோ, சத்தம் நிண்டிடும். ஆனால் அமத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது” எண்டு சொல்லிச்சினம். அநேகமா ஒருத்தரும் அமத்தேல்லை. முழுச் சத்தத்தையும் கேட்டிட்டுத்தான் எழும்பினவை. ஆனாலும் பிறகு புதிருக்கு இருந்தபோது இவையள் பொத்தான் இல்லாதவையை விடப் பலமடங்கு தரம் முயற்சி செய்தவை. அமத்தாத பொத்தான் அவையளைக் காப்பாற்றியிருக்குது.

இதை வாசிச்ச அண்டைக்கு எங்கட தோழி சொன்னாள்: “நான் வகுப்பில போய் இருந்து முதல் ஒரு மணித்தியாலம் ஒரு கணக்கும் செய்யிறதில்லை. ஒருக்காப் பிழைச்சால் கொப்பியை மூடிடுவன். எனக்கு மண்டை இல்லை எண்டுதான் நினைச்சனான்.”

இப்ப பஸ்ஸை யோசியுங்கோ. எந்தப் பொத்தானும் எங்கட கையில இல்லை. பாட்டு எப்ப மாறும், பேஸ் எப்ப கூடும், ஹோர்ன் எப்ப வரும், கொண்டக்டர் எப்ப காதுக்குப் பக்கத்தில தகரத்தில தட்டுவார், ஒண்டும் தெரியாது. எங்களிட்ட இருக்கிற ஒரே பொத்தான் இறங்கிற பெல். அதைத்தான் அவள் நீர்வேலியில அமத்தினவள்.

அந்த பெல்லுக்கும் விலை இருக்குது. நெஞ்சு அடிக்குது, ஏன் எண்டு தெரியேல்லை, ‘எனக்கு ஏதோ நடக்கப்போகுது’ எண்டு பயம் வருது. அந்தப் பயம் நெஞ்சை இன்னும் அடிக்க வைக்குது. இறங்கின உடனே ஆறுதல். அந்த ஆறுதலை மூளை நல்லாப் பிடிச்சுக்கொள்ளுது: பஸ் ஆபத்து, இறங்கினால் தப்பலாம். அடுத்த நாள் நீர்வேலிக்கு முதலே புத்தூரில தொடங்கும். பிறகு வீட்டில சப்பாத்துப் போடேக்கயே வயிறு பிசையும். சத்தத்தில தொடங்கின ஒண்டு, கடைசியில சத்தமே இல்லாத இடத்திலயும் வரத் தொடங்கும். பதகளிப்பு கட்டிக் கட்டி வளர்றது இப்பிடித்தான். இதில ‘மனத்தைரியம்’ எண்டு ஒரு சாமான் இல்லாததால வந்த குறை எங்க இருக்குது?

சரி, சத்தம்தான் காரணம் எண்டு எப்பிடித் தெரியும்? சனக்கூட்டம் காரணமா இருக்கேலாதோ, வகுப்பில ஏதும் பிரச்சினை இருக்கேலாதோ எண்டு நாங்களும் கேட்டம். அதுக்கு அவளே ஒரு வழி கண்டுபிடிச்சாள். ஒரு கிழமை பாட்டு இல்லாத சிடிபி பஸ்ஸில வந்தாள். அதுவும் நெருக்கம்தான், மூச்சு விட இடமில்லை, அதே றோட்டு, அதே வகுப்பு. நீர்வேலி கடந்துபோனதே தெரியேல்லையாம். அடுத்த கிழமை தனியார் பஸ்ஸில, ஆனால் முன்னுக்கு, ஸ்பீக்கருக்குத் தூரத்தில நிண்டாள். ரெண்டு நாள் வந்தது, மூண்டு நாள் வரேல்லை. திரும்பப் பின்னுக்குப் போய் நிண்ட அண்டைக்கே வந்தது. இது ஆய்வு இல்லை, ஒருத்தியின்ர மூண்டு கிழமை. ஆனால் ஈசீஜி காட்டாத ஒண்டை இது காட்டிச்சுது. ஒரு சொல் இஞ்ச சேர்க்கவேணும்: அமைதியான இடத்துக்குப் போய்ப் பத்து இருபது நிமிசத்தில அடங்காட்டி, நெஞ்சு நோவோ மயக்கமோ வந்தால், வீட்டில சும்மா இருக்கேக்கயும் வந்தால், அதுக்கு டொக்டர்தான். எல்லாப் பதகளிப்பையும் ஹோர்னில போட்டுத் தப்ப ஏலாது.

நாங்கள் போன் அப் ஒண்டு போட்டுச் சத்தத்தையும் அளந்து பார்த்தம். போன் மைக் சரியான அளவு கருவி இல்லை, நாலைந்து டெசிபல் அங்கால இங்கால போகும், பெரிய சத்தத்தை அது பிடிக்கவே பிடிக்காது. எண்டாலும் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். டிரைவருக்குப் பின்னால 84, 85. கடைசி சீட்டில 91 சுற்றி. ஆறு டெசிபல்தானே எண்டு நினைக்காதேங்கோ. டெசிபல் கூட்டல் கணக்கில போறதில்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சத்தத்தின் சக்தி ரெண்டு மடங்காகும். அதனாலதான் தொழிலிடப் பாதுகாப்பை ஆராயிற அமெரிக்க அரச நிறுவனமான நியோஷ் 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் விடுது, 88 க்கு 4, 91 க்கு 2 மணித்தியாலம் மட்டும்தான். பின்சீட்டில வந்துபோற ஒரு பிள்ளை போக ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம், வர ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம் இருந்தாலே அண்டைய பங்கு முடிஞ்சு கடந்திட்டுது. அந்த அளவு காது செவிடாகாமல் இருக்கிறதுக்கு வைச்ச அளவு. மனம் கலங்காமல் இருக்கிறதுக்கு வைச்சதில்லை. மனம் அதுக்குக் கன கீழயே கலங்கத் தொடங்கிடும்.

அப்ப அதே பஸ்ஸில பின்கதவில நிண்டு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் வேலை செய்யிற கொண்டக்டருக்கு என்ன நடக்குது? அதே கணக்கில ஐந்து மடங்கு. ஒருநாள் சனம் குறைஞ்ச மத்தியான பஸ்ஸில நாங்கள் ஒருத்தரிட்டக் கேட்டம், “அண்ணை, இந்தச் சத்தம் உங்களுக்குக் கரைச்சல் இல்லையோ?” அவர் முதல் சிரிச்சார். பிறகு சொன்னார்: “இரவில படுத்தால் காதுக்குள்ள கூ எண்டு ஒரு சத்தம் தங்கச்சி. ரீவியைப் போட்டுவிட்டுத்தான் நித்திரை.” காதுக்குள்ள வாற அந்தக் கூவல், உள்காதின் மயிர்க்கலங்கள் அடிபட்டிருக்குது எண்டதுக்கு ஒரு அறிகுறியா இருக்கலாம். அந்தக் கலங்கள் ஒருக்காச் செத்தால் திரும்ப முளைக்காது.

அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? ஹோர்ன் ஏன் அடிபடுது எண்டு கேளுங்கோ. பெரும்பாலான தனியார் பஸ்களில டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் மாதச் சம்பளம் எண்டு ஒண்டில்லை. அண்டைய கலெக்சனில முதலாளியின்ர பங்கு போக மிச்சத்தில தான் இவையின்ர கூலி. முன்னால போற பஸ் ரெண்டு சந்தி முந்தினால் அந்த ரெண்டு சந்தி ஆக்களும் போச்சு. ரைம் கீப்பர் குறிச்ச நேரத்துக்கு ரெண்டு நிமிசம் பிந்தினால் பின்னால வாறவன் ஏறி வந்திடுவான். அப்ப ஹோர்ன் எச்சரிக்கை குடுக்கிற சாமான் இல்லை, “நான் வாறன், நில்லுங்கோ” எண்டு நூறு யாருக்கு முன்னால போடுற விளம்பரம். பாட்டும் அப்பிடித்தான், பெடியள் பாட்டுள்ள பஸ்ஸைப் பார்த்து ஏறுவாங்கள் எண்ட கணக்கு. எங்கட காதுக்குள்ள விழுறது அவையின்ர கூலிக் கணக்கு. சம்பள முறையை மாத்தாமல் ஹோர்னை மட்டும் கழட்டினால் கதவில தட்டுறது ரெண்டு மடங்காகும்.

கழட்டிப் பார்க்காமலும் இல்லை. 2011 இலயே தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ வாகன ஹோர்ன்களுக்கு எண்டு தனி ஒழுங்குவிதி வந்திட்டுது. 2025 ஜனவரியில பொலிஸ் நாடு முழுக்க பஸ்களை மறிச்சு மேலதிகமாப் பூட்டின சோடனைகளையும் ஹோர்ன்களையும் கழட்டச் சொல்ல, பஸ் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவிச்சதை எல்லாரும் செய்தியில பார்த்தம். எங்கட றோட்டில அந்த அமைதி சில கிழமை இருந்தது. பிறகு ஒவ்வொண்டாத் திரும்பி வந்தது, ஒருத்தரும் ஏன் எண்டு கேட்கேல்லை.

சந்தையின்ர கதை கொஞ்சம் வேற. சந்தைச் சத்தத்தை நாங்கள் முழுசா வெறுக்கேல்லை. திருநெல்வேலிச் சந்தைக்குள்ள போனால் “வாங்கோ பிள்ளை, முருங்கைக்காய் பாருங்கோ” எண்டு ஒரு அம்மா கூப்பிடுறா. “வேண்டாம் அம்மா” எண்டால் அடுத்த ஆளைப் பார்ப்பா. அது ஆளுக்கு ஆள் குடுக்கிற குரல், பதில் சொன்னால் நிக்கும். அங்க பொத்தான் எங்களிட்ட இருக்குது. பாண் கொண்டுவாற ஓட்டோவும் அப்பிடித்தான், பேத்தோவனின் அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வரும், எத்தனை மணிக்கு வரும் எண்டு நாய்க்கும் தெரியும், அது போயிடும். அதைக் கேட்டு ஒருத்தருக்கும் நெஞ்சு அடிச்சதா நாங்கள் அறியேல்லை.

ஆனால் இப்ப சந்தை வாசலுக்கு வாருங்கோ. பற்றரியில வேலை செய்யிற ஒலிபெருக்கியில ஒருத்தர் தன்ர குரலைப் பதிஞ்சு வைச்சிட்டு, ஸ்ரூலில இருந்து போன் பார்க்கிறார். “ஒரு கிலோ நூற்றைம்பது, ரெண்டு கிலோ இருநூற்றைம்பது, ஓடிவாங்கோ.” பன்னிரண்டு விநாடிக்கு ஒருக்கா. பக்கத்தில லொத்தர்ச் சீட்டு வண்டி, அதுக்கும் பதிஞ்ச குரல். எதிரால போன் கடையின்ர ஸ்பீக்கர். மூண்டு குரலும் மூண்டு விதமான எண்களைச் சொல்லுது. நீங்கள் மனதுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தது அம்மா சொன்ன ஆறு சாமான். வீட்ட போய்ப் பார்த்தால் நாலுதான் பையில.

அது உங்கட மறதி இல்லை. 1970 களிலயிருந்து உளவியலாளர்கள் இதைச் சோதிச்சு வந்திருக்கினம். எண் வரிசை ஒண்டைக் காட்டி, அதை மனதில வைச்சிருக்கச் சொல்லி, பக்கத்தில ஒரு குரலைப் போட்டால், அதைக் கவனிக்க வேண்டாம் எண்டு சொன்னாலும் பிழை கூடும். தெரியாத மொழியில கதைச்சாலும் கூடும். இதில விசயம் என்னெண்டால் சத்தம் எவ்வளவு பெரிசு எண்டது கனக்க முக்கியமில்லை. மாறிக்கொண்டு இருக்குதோ எண்டதுதான் முக்கியம். ஒரே சீரா ஓடுற மின்விசிறிச் சத்தம் அவ்வளவு குழப்பாது. ஏறி இறங்கிற பேச்சு குழப்பும். கண்ணை மூடலாம், காதை மூட இமை இல்லை. மனதுக்குள்ள ‘வெண்டிக்காய், தேங்காய், பச்சை மிளகாய்’ எண்டு சொல்லிக்கொண்டு போற அதே இடத்துக்குள்ள அந்தக் குரலும் வந்து இருக்குது.

இதை ஓட்டிசம் உள்ள பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு வாற தாயிட்டக் கேளுங்கோ. எங்களுக்குப் பின்னணியா ஒதுங்கிற சத்தங்கள் அப்பிடியான கன பிள்ளைகளுக்கு ஒதுங்காது, எல்லாம் ஒரே உயரத்தில முன்னுக்கு நிக்கும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில இருந்து கத்துது. சுத்தி நிக்கிற சனம் “பிள்ளை வளர்க்கத் தெரியாது” எண்டுது. அந்த இடத்தில கத்துறதுதான் நியாயமான பதில் எண்டு எங்களுக்குப் படுது. ஒலிபெருக்கி கத்தலாம், பிள்ளை கத்தக்கூடாதோ?

இந்தக் கதையைத் தொடங்கினாலே மூண்டு விதமான ஆக்கள் வருவினம்.

ஒருத்தர் சொல்லுவார், “இது ஏசி காரில போற ஆக்களின்ர நோய்.” சரி, ஏசி காரில போறவருக்குக் கண்ணாடி இருக்குது, ஏத்திவிட்டால் முடிஞ்சுது. பஸ்ஸில போறவருக்கு என்ன இருக்குது? சத்தம் இல்லாமல் இருக்கிறது இந்த ஊரில காசு குடுத்து வாங்கிற சாமானாப் போச்சு. அதை வாங்க ஏலாத ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறம்.

இன்னொருத்தர், “சத்தம் எங்கட பண்பாடு, கோயிலில மேளம் அடிக்கிறேல்லையோ?” எண்டுவார். அடிக்கிறம், நல்லூரில நாங்களும் மேளத்துக்குப் பக்கத்தில தான் நிக்கிறனாங்கள். மேளம் எப்ப தொடங்கும், எப்ப ஓயும் எண்டு தெரியும், பிடிக்காட்டித் தள்ளி நிக்கலாம், நாங்களாகத்தான் அங்க போனனாங்கள். கோயிலோ பள்ளிவாசலோ, ஒலிபெருக்கிக்குக் கூட எல்லை உண்டு எண்டு 2007 இல உயர் நீதிமன்றம் சொல்லி, இரவு 10 மணியிலயிருந்து விடிய 6 மணி வரைக்கும் அனுமதி குடுக்கவேண்டாம் எண்டு உத்தரவிட்டிருக்குது. வீட்டில படுத்திருக்கிறவருக்கு அந்த உரிமை இருக்குதெண்டால், காசு குடுத்து ரிக்கெற் எடுத்து, எழும்பிப் போக ஏலாமல் நிக்கிற ஆளுக்கு ஏன் இல்லை?

மூண்டாவது ஆள்தான் எங்களைக் கன நேரம் வாய் மூட வைக்கிறவர். “நாங்கள் செல்லடிக்குள்ள, பொம்பருக்குள்ள இருந்த சனம். உங்களுக்கு ஒரு பாட்டுச் சத்தம் தாங்கேலாமல் கிடக்கோ?” இதைச் சொல்லுறவர் அநேகமா எங்கட மாமாவோ சித்தப்பாவோ தான். அவருக்கு மரியாதையோட ஒரு பதில்: மாமா, அதனாலதான். திடீர்ச் சத்தத்துக்கு அளவுக்கு மிஞ்சித் துள்ளுறது, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வாற மனவடுவின்ர அறிகுறிகளில ஒண்டு. யாழ்ப்பாணத்தில வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர் எங்கட சனத்தின்ர மனதில விட்ட காயங்களைப் பற்றி 1998 இலயே ஒரு புத்தகம் எழுதினவர். அந்தக் காயத்தோட இருக்கிற அம்மாமார்தான் விடியப்புறம் மரக்கறிப் பையோட பின்சீட்டில இருக்கினம். ரயர் வெடிச்சால் தலையைக் குனியிற ஆக்களை நாங்களும் பார்த்திருக்கிறம், நீங்களும் பார்த்திருப்பீங்கள். அவைக்கு எந்தக் காலத்தில பழகினது? பழகேல்லை, சொல்லுறேல்லை, அவ்வளவுதான்.

காதுக்குள்ள வைக்கிற நுரைப் பஞ்சை வாங்கிப் போடுங்கோவன் எண்டும் ஆக்கள் சொல்லுகினம். போட்டுப் பார்த்தம், உதவுது. ஆனால் சும்மா வாசலில சொருகினால் ஒரு பிரயோசனமும் இல்லை. விரலால மெல்லிசா உருட்டி, மற்றக் கையால காதை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு, உள்ளுக்கு விட்டு, அது விரியும் வரைக்கும் அரை நிமிசம் பிடிச்சிருக்கவேணும். சரியா வைச்சால் உங்கட குரலே உங்களுக்கு உள்ளுக்குள்ளயிருந்து கேட்கும். எங்கட தோழி அதில ஒரு பிழை விட்டாள்: நல்லா இருக்குதெண்டு வகுப்பிலயும் வீட்டிலயும் போடத் தொடங்கினாள். ரெண்டு கிழமையில கரண்டி கோப்பையில படுற சத்தமே அவளுக்குக் குத்தத் தொடங்கிச்சுது. அமைதியான இடத்திலயும் காதை மூடிவைச்சால் கேட்கும் புலன் தன்னைக் கூட்டிக்கொள்ளும், அதனால கேள்வியியல் ஆக்கள் அப்பிடிப் போடவேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். பஸ்ஸுக்குள்ள மட்டும் போடு, இறங்கின உடனே கழட்டு எண்டு நிப்பாட்டினபிறகுதான் சரிவந்தது. போன் ஹெட்செற்றில பாட்டைக் கூட்டிச் சத்தத்தை மறைக்கிறது இன்னும் மோசம், 91 க்கு மேல இன்னும் ஏத்துறீங்கள்.

எண்டாலும் நாங்கள் ஏன் எங்கட காதை அடைக்கவேணும்? புகை விடுற பஸ்ஸுக்கு, “மூக்கைப் பொத்துங்கோ” எண்டோ சொல்லுறம்?

இப்ப அவள் விடிய சிடிபி பஸ்ஸில வாறாள். கால்மணித்தியாலம் பிந்துது, வகுப்பில கேட்டுச் சமாளிச்சிட்டாள். பின்னேரம் திரும்பேக்க தனியார் பஸ்தான், முன்னுக்கு நிக்கிறாள். காது கூவுது எண்டு சொன்ன அந்த அண்ணை இவளைக் கண்டால் பின் ஸ்பீக்கரைக் குறைச்சுவிடுவார். முதல் நாள் குறைச்சபோது பின்னால இருந்த ஒரு ஐயாவும் ரெண்டு அக்காமாரும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினவையாம். அவர் லீவு நாளில வாற மற்றவர், “தங்கச்சி, விருப்பமில்லாட்டி ஓட்டோவில போங்கோ” எண்டு சொல்லியிருக்கிறார்.

அதனால நாங்கள் மாகாணப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறம், தமிழிலயும் சிங்களத்திலயும். கேட்டது மூண்டுதான். பஸ்ஸின் பின்பாதியில ஸ்பீக்கர் பூட்டக்கூடாது எண்டதை வழி அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையில சேர்க்கவேணும். 2011 ஒழுங்குவிதியின்படி ஹோர்னை வருசத்துக்கு ஒருக்கா அளக்கவேணும், அளந்த நாளைக் கதவில ஒட்டவேணும். கலெக்சனில பங்கு எண்ட கூலி முறையை நிப்பாட்டி நாள் சம்பளம் குடுக்கிறதைப் பற்றி முதலாளிமாரோடயும் தொழிலாளரோடயும் கதைக்கவேணும். கடிதத்தில கையெழுத்து வைக்க விருப்பமான ஆக்கள் வாற ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு வாருங்கோ. அந்தக் கொண்டக்டர் அண்ணை ஏற்கெனவே வைச்சிட்டார்.